பேர் மறந்துபோனால் ஒரு கோல்

கோணேசர் கோயிலடியில் ஒருவர், "என்ன தம்பி, கண்டு கனகாலம்!" என்று கையைப் பிடிக்கிறார். முகம் தெரிகிறது, பேர் வரவில்லை. "ஓம் அண்ணை, எப்பிடிச் சுகம்?" என்று கதையைத் தொடங்குங்கள். அண்ணை, அக்கா இருக்கும்வரை பேருக்கு அவசரமில்லை.

வெளிக்கிடும்போது, "உங்கட நம்பர் என்னட்டை இருக்கோ தெரியேல்லை, ஒரு கோல் எடுத்துப் பாருங்கோ" என்று உங்கள் நம்பரைச் சொல்லுங்கள். முன்பே பதிந்திருந்தால் திரையில் பேர் வந்துவிடும். வெறும் இலக்கம் வந்தால், "என்னெண்டு பதியட்டும், வீட்டுப் பேரோ முழுப் பேரோ?" என்று கேட்கலாம். எங்களில் பலருக்கு இரண்டும் வேறு என்பதால் கேள்வி உறுத்தாது.

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். "ர, வி" என்றார்! அப்புறம், "மன்னியுங்கோ அண்ணை, பேர் டக்கெண்டு வரேல்லை" என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கும் என் பேர் தெரியவில்லையாம்.