இரட்டைத்தலை வயரும் விறாந்தை ஜெனரேற்றரும்: மின்தடையின்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை மழை தொடங்கினால் வன்னியில் மின்சாரம் போவது புதினமல்ல. காற்றுக்குத் தென்னோலையோ மரக்கிளையோ கம்பியில் விழும். திருத்தி முடிய இரவாகிவிடும். அதனால்தான் பல வீடுகளில் இப்போது சிறிய ஜெனரேற்றர் ஒன்று நிற்கிறது. நான் கண்ட பெரிய தவறுகள் அதைச் சுற்றித்தான் நடக்கின்றன.

பரந்தனில் எங்கள் அயல்வீட்டில் ஒரு நீல வயர் இருந்தது. அதன் இரு முனைகளிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேற்றரிலும் மறுமுனையைச் சுவரிலும் செருகினால் வீடு முழுவதும் வெளிச்சம் வந்துவிடும். சுவரிலிருந்து தவறிக் கழன்றாலோ, அந்தப் பிளக்கின் வெற்று ஊசிகளில் 230 வோல்ட் நிற்கும். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் அதைத் தடுக்காது, ஏனென்றால் அது இடையில் இல்லை.

இன்னொரு ஆபத்து வெளியே இருக்கிறது. மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் மின்சாரம் மீற்றர் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறும். வீதியோர மின்மாற்றி வழக்கமாக உயர் அழுத்தத்தை 230 வோல்டாகக் குறைப்பது. பின்பக்கமாக ஊட்டினால் அதே மாற்றி பல்லாயிரம் வோல்டாக உயர்த்திவிடும். கம்பியில் மின் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அயல்வீடுகளின் பாரம் தாங்காமல் ஜெனரேற்றர் நின்றுவிடுவதும் உண்டு, ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. “மெயினை இறக்கிவிட்டுத்தானே செருகுகிறேன்” என்பார் அயலவர். இருட்டில், மழையில், பிள்ளை அழும்போது ஒருநாள் மறக்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஜெனரேற்றரிலேயே உள்ள பிளக் துளையிலிருந்து நீட்டிப்பு வயர் ஒன்றை எடுத்து, தேவையான மின்குமிழையும் பிரிட்ஜையும் மட்டும் நேரடியாக இணையுங்கள். வீடு முழுவதற்கும் வேண்டுமென்றால், தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள். அது தெருக் கம்பி, ஜெனரேற்றர் இரண்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும்.

அடுத்த தவறு, நனையாமலிருக்க ஜெனரேற்றரை விறாந்தைக்குள் இழுத்து வைப்பது. அதன் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. யன்னல் திறந்திருந்தாலும் போதாது. வீட்டிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வாசலைப் பாராதபடி, நாற்புறமும் திறந்த தகரக் கூரையின் கீழ் வையுங்கள். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைசுற்று, குமட்டல் வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் எல்லோரும் வெளியே வந்து 1990க்கு அழையுங்கள்.

பெற்றோலை இருட்டுமுன் நிரப்பிவிடுங்கள். நடுவில் தீர்ந்தால், நிறுத்தி நன்றாக ஆறிய பின்தான் மூடியைத் திறக்க வேண்டும். குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவோரையும் கண்டிருக்கிறேன்!

அயலவர் ஒருநாள் நீல வயரின் ஒரு தலையை வெட்டி எறிந்தார். மிச்சத்தில் இப்போது கோழிக்கூட்டு மின்குமிழ் எரிகிறது.