செய்திமடலைப் பக்கவாட்டில் இழுத்துப் படிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு மாதாமாதம் மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் போகிறது. தயாரிப்பது நான். ஒருநாள் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். “தம்பி, ஒவ்வொரு வரியும் பாதியில நின்னுடுது. மீதியைப் படிக்க வலது பக்கம் தள்றேன், அடுத்த வரிக்கு மறுபடி இடது பக்கம் வர்றேன். நாலு வரி தாண்டினா எந்த வரியில இருக்கேன்னே தெரியல” என்றார். அதுவரை மடலை மடிக்கணினியில் தயாரித்து, அதிலேயே பார்த்துச் சரி என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் போனில் திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செய்திமடல்கள் பெரும்பாலும் 600 பிக்சல் அகலத்தில் கட்டப்படுகின்றன. “என் போன் திரை 1080 பிக்சல் ஆயிற்றே, 600 ஏன் அடங்கவில்லை?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 1080 என்பது திரையில் இருக்கும் ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கை. எழுத்து கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும் என்பதற்காக, மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒரு பிக்சலாக வைத்துத்தான் போன் பக்கத்தை அடுக்குகிறது. ஆகவே மடலுக்குக் கிடைக்கும் அகலம் 360 மட்டும்தான். பல ஆண்ட்ராய்டு போன்களில் இது 360-லிருந்து 412 வரை இருக்கும். 600 அகலம் என்று அடித்துச் சொல்லிவிட்ட ஒரு கட்டம் 360-க்குள் வந்தால், மீதி 240 திரைக்கு வெளியே போய்விடும். நீங்கள் விரலால் இழுப்பது அந்த 240-ஐத்தான்.

படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

எல்லோரும் முதலில் செய்வது, இரண்டு விரலால் மடலைச் சுருக்குவது. ஜிமெயிலின் ஆண்ட்ராய்டு செயலியில் இதையே தானாகச் செய்ய ஒரு வசதி இருக்கிறது. Settings போய் General settings திறந்தால் Auto-fit messages என்று ஒன்று இருக்கும். அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள், இழுக்கும் வேலை நின்றுவிடும். ஆனால் அதோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. இது மடலை முழுதாகச் சுருக்கும், எழுத்தும் சேர்ந்து சுருங்கும். 600-ஐ 360-க்குள் அடைத்தால் ஒவ்வொன்றும் பத்தில் ஆறு பங்காகிறது. 14 பிக்சலில் இருந்த எழுத்து 8.4 ஆகிவிடும். தமிழில் இது ரொம்பவே உறுத்தும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், ‘கி’க்கும் ‘கீ’க்கும் மேலே ஒரு சின்ன வளைவுதான். அந்த அளவில் இவை கலங்கிப்போகும்.

நமக்கு வேண்டியது சுருக்குவது இல்லை, வரிகளைத் திரையின் அகலத்துக்கு மடித்து அடுக்குவது. எழுத்து அதே அளவில் இருக்க வேண்டும், வரி மட்டும் முன்னதாகவே மடங்க வேண்டும். எந்த வழியை முயன்றாலும், இந்த இரண்டில் எது நடக்கிறது என்று பாருங்கள். எழுத்து சிறுத்திருந்தால் அது சுருக்கம்தான்.

அடுத்து, போனின் அமைப்பில் எழுத்து அளவைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதனால் கட்டத்தின் அகலம் மாறாது. எழுத்து பெரிதானாலும் 600 அப்படியே நிற்கும், இழுப்பதும் அப்படியே இருக்கும்.

போனைப் படுக்கவைத்துப் பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 360-க்கு 800 அளவுள்ள போனைப் படுக்கவைத்தால் அகலம் 800 ஆகிவிடும், 600 தாராளமாக அடங்கும், எழுத்தும் சுருங்காது. ஒரு நேரத்தில் ஏழெட்டு வரிதான் தெரியும் என்பது குறை. ஆனாலும் இன்றைக்கு ஒரு மடலைப் படித்தாக வேண்டும் என்றால் இதைவிட எளிய வழி இல்லை. தானாகச் சுழலும் வசதி போனில் அணைந்திருந்தால் அதை முதலில் போட வேண்டும்.

வரிகள் உண்மையிலேயே மடங்கி வர வேண்டுமென்றால், மடலின் மேலேயோ கீழேயோ இருக்கும் “உலாவியில் பார்க்க” என்ற இணைப்பைத் தட்டி, அங்கே வாசிப்புப் பார்வைக்கு மாறலாம். ஐபோனின் சஃபாரியில் முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் பொத்தானைத் தட்டினால் Show Reader வரும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையிலேயே ஒரு தாள் போன்ற சின்னம் தெரியும். குரோமிலும் இப்படி ஒன்று உண்டு, அதன் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. இந்தப் பார்வையில் கட்டங்கள் எல்லாம் உதிர்ந்து, எழுத்து மட்டும் ஒரே பத்தியாக வந்து நிற்கும். எழுத்தின் அளவையும் நம் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, வாசிப்புப் பார்வை நீளமான கட்டுரையைத் தேடி எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. செய்திமடலில் பத்துச் சிறு குறிப்புகள் இருந்தால், பெரிதாக இருக்கும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். விடுபட்டது என்று எங்கேயும் சொல்லாது. ஆகவே மாறுவதற்கு முன் தலைப்புகள் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொண்டு, மாறிய பின் ஒப்பிட்டுப் பாருங்கள். சில மடல்களில் சின்னமே வராது, கட்டுரை என்று எடுக்க அங்கே எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டாவது, அந்த இணைப்பை நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். பல மடல்களில் அது உங்கள் பெயருக்கென்று உருவாக்கிய முகவரி. அதைத் திறப்பவர் கீழே இருக்கும் சந்தா விலகல் இணைப்பைத் தட்டினால் விலகுவது நீங்கள்தான்.

ஒரு மடல் சில நேரம் சரியாகவும் சில நேரம் அகலமாகவும் வந்தால் குழம்ப வேண்டாம். நேரடியாக வந்தது அடங்கி, யாரோ ஃபார்வர்டு செய்தது அடங்கவில்லையா? திரைக்கு ஏற்ப மாறச் சொல்லும் கட்டளைகள் மடலின் தலைப்பகுதியில் தனியாக இருக்கும். ஃபார்வர்டு செய்யும்போது பல செயலிகளில் அந்தப் பகுதி உதிர்ந்துவிடுகிறது. அதேபோல, ஜிமெயில் செயலிக்குள் வேறு நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கைச் சேர்த்து வைத்திருந்தால், அந்தக் கணக்கில் வரும் மடல்களுக்கு அந்தக் கட்டளைகளை ஜிமெயில் எடுத்துக்கொள்வதில்லை. மூல மடலைத் திறந்தாலோ, கணக்கின் சொந்தச் செயலியில் திறந்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

அனுப்புபவர்கள் செய்யும் தவறுகள்

படிப்பவர் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் அனுப்புபவர்தான் என்பது என் கருத்து. அதனால் எங்கள் மடலை எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்கிறேன்.

நான் முதலில் யோசித்தது பி.டி.எஃப் ஆக அனுப்பிவிடலாம் என்று. நல்லவேளை, அனுப்பவில்லை. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், போன் திரை ஏறக்குறைய 70. தாளில் 12 பாயிண்டில் இருக்கும் எழுத்து திரையில் 4 பாயிண்ட் ஆகிவிடும். மடலை ஒரே படமாக்கி அனுப்பினாலும் இதே கதைதான், எழுத்து மடங்கவே மடங்காது.

சரி என்று மடலின் உள்ளே பார்த்தேன். வெளிக்கட்டத்தில் `width="600"` என்று இருந்தது. அதற்குப் பதிலாக “இருக்கிற இடம் முழுவதையும் எடுத்துக்கொள், ஆனால் 600-ஐத் தாண்டாதே” என்று எழுத வேண்டும்:

```html
<table role="presentation" width="100%" style="max-width:600px">
  <tr><td style="font-size:16px;line-height:1.6">
    <img src="attai.jpg" alt="நூல் அட்டை"
         style="width:100%;max-width:560px;height:auto">
  </td></tr>
</table>
```

இந்தக் கட்டளைகள் அந்தந்த உறுப்பின் மேலேயே எழுதப்பட்டிருக்கின்றன. தலைப்பகுதி உதிர்ந்தாலும் இவை பெரும்பாலும் நிற்கும். ஒன்று மட்டும்: விண்டோஸில் நிறுவும் பழைய அவுட்லுக், `max-width` என்பதைக் கண்டுகொள்ளாது. அதில் படிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கென்று தனியாக ஒரு நிலையான கட்டம் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது இரண்டு பத்தி அமைப்பு. பக்கம் பக்கமாக இரண்டு கட்ட அறைகள் வைத்தால், போனிலும் அவை பக்கம் பக்கமாகவே நிற்கும். நான் இரண்டையும் தனித்தனித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் இதை எழுதினேன்:

```html
<div style="display:inline-block;width:100%;max-width:280px;vertical-align:top">
```

கணினியில் 280-ம் 280-ம் சேர்ந்து 560, ஆகவே இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். போனின் 360-ல் ஒன்றுக்குத்தான் இடம், இரண்டாவது தானாகக் கீழே இறங்கிவிடும்.

இதையெல்லாம் செய்து எனக்கே அனுப்பிப் பார்த்தேன். மடல் கச்சிதமாக அடங்கியது. மகிழ்ச்சியோடு அந்த மூத்த உறுப்பினருக்கு அனுப்பினேன். “இன்னும் கொஞ்சம் ஓரமா நகருது தம்பி” என்றார். இதற்கிடையில் என் போனில் Auto-fit messages-ஐப் போட்டு வைத்திருந்தேன். மீதமிருந்த பிழையை அது சுருக்கி மறைத்துவிட்டது. சோதனை செய்யும் போனில் அதை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு காரணத்தாலேயே ஒரு மடல் ‘சோதித்த பிறகும்’ அகலமாகப் போய்விடலாம்.

அணைத்துவிட்டுப் பார்த்தால், கட்டம் 100% என்று சொன்ன பிறகும் மடல் நகர்ந்தது. கட்டத்துக்குள் உடையாத ஏதோ ஒன்று இருந்தால், அதன் அகலத்துக்குக் கட்டமே விரிந்து கொடுக்கும். அது எது என்று கண்ணால் தேடாமல், மடலின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு எனக்கு அனுப்பினேன். நகரவில்லை. அப்படியானால் குற்றவாளி கீழ்ப்பாதியில்தான். அதையும் பாதியாக்கினேன். நான்கு முறையில் ஆள் அகப்பட்டார்: கூட்டத்துக்கான இணைய முகவரி, இடைவெளியே இல்லாத நூற்றுச் சொச்ச எழுத்துகள், அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு “கூட்டத்தில் சேர” என்ற சொற்களுக்கு இணைப்புக் கொடுத்தேன். முகவரியைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் மேல் `word-break:break-all` என்று எழுதலாம்.

கடைசியில் மிஞ்சியது புத்தகப் பட்டியல். நூல், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை என்று ஐந்து பத்தி. இதை எந்தக் கட்டளையாலும் 360-க்குள் நன்றாக மடிக்க முடியவில்லை. ஒரு பத்திக்கு 72 பிக்சல்தான் வரும், 16 பிக்சல் எழுத்தில் நான்கைந்து எழுத்துக்கு மேல் ஒரு வரியில் நிற்காது. அதனால் பட்டியலையே கலைத்துவிட்டேன். இப்போது நூலின் பெயர் தடித்த எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே ஆசிரியரும் பதிப்பகமும், அதற்கும் கீழே பக்கமும் விலையும்.