ப்ராடக்ட் சென்ஸ் கேள்வி: யூசரைப் பிரிப்பதிலிருந்து எதைக் கட்டுவது என்பது வரை நடக்கும் தவறுகள்

ப்ராடக்ட் மேனேஜர் இன்டர்வியூவில் ப்ராடக்ட் சென்ஸ் சுற்று என்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான். "இன்னாருக்கு ஒரு ப்ராடக்ட் வடிவமையுங்கள்" என்றோ "இந்த ஆப்பை எப்படி மேம்படுத்துவீர்கள்" என்றோ கேட்டுவிட்டு, 35 முதல் 45 நிமிடம் உங்களைப் பேச விடுவார்கள். பதில் போக வேண்டிய வரிசை இன்று தயாராகி வருகிற எல்லோருக்கும் தெரியும்: நோக்கம், யூசர்கள், அவர்களின் சிக்கல்கள், தீர்வுகள், அவற்றில் எதைக் கட்டுவது, எப்படி அளப்பது. வரிசை தெரிந்தும் பதில் எடுபடாமல் போவதற்கு ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு படியில் எடுத்த முடிவு அடுத்த படிக்குப் போய்ச் சேருவதில்லை. யூசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு யாருக்கும் பொருந்துகிற ஒரு தீர்வைச் சொல்கிறார்கள்.

இதை ஒரே கேள்வியை வைத்துப் பார்ப்போம். "மருத்துவர் சொன்ன பிசியோதெரபி பயிற்சிகளை வீட்டிலேயே செய்ய உதவும் ஒரு ப்ராடக்ட் வடிவமையுங்கள்."

வயதை வைத்துப் பிரிப்பது

முதலில் நோக்கம். இங்கே ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: தனி ஆப்பா, ஏற்கெனவே இருக்கும் ஒரு சேவையின் பகுதியா, இப்போதைக்கு வருமானம் முக்கியமா, பயன்பாடு முக்கியமா. பதில் கிடைக்காவிட்டால் நீங்களே ஒரு அனுமானத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள். "நோயாளிகள் பயிற்சியை விடாமல் செய்து குணமாவதுதான் நோக்கம் என்று வைத்துக்கொள்கிறேன், சரியா?" என்பது போதுமானது. இதிலேயே பத்து நிமிடம் போய்விட்டால், கடைசியில் எதைக் கட்டுவது என்று பேச நேரம் இருக்காது.

அடுத்து யூசர்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "இளைஞர்கள், நடுத்தர வயதினர், முதியவர்கள்" என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, முதியவர்களைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் காரணமாக "அவர்களுக்குத்தான் தேவை அதிகம்" என்பார்கள். பெரிய எழுத்து, எளிய திரை என்பதைத் தாண்டி இந்தப் பிரிவு எதையும் சொல்லித் தராது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த 30 வயதுக்காரருக்கும் 65 வயதுக்காரருக்கும் இருக்கும் சிக்கல் ஏறக்குறைய ஒன்றுதான். அதே வயதில் இருவர், ஒருவருக்கு அறுவை சிகிச்சை, இன்னொருவருக்கு நாள்பட்ட முதுகுவலி என்றால், சிக்கல் முற்றிலும் வேறு.

ஆகவே, பயிற்சியை ஏன் செய்யாமல் விடுகிறார்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவர் குணமாக வேண்டும் என்ற துடிப்போடு இருப்பார். ஆனால் வலிக்கும்போது "இது வழக்கமான வலியா, எதையாவது கெடுத்துக்கொள்கிறேனா" என்று பயந்து பாதியில் நிறுத்துவார். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர் வலி வந்தால் செய்வார், குறைந்ததும் மறந்துவிடுவார். விளையாட்டில் அடிபட்டவரோ சீக்கிரம் களத்துக்குத் திரும்பும் அவசரத்தில் சொன்னதைவிட அதிகமாகச் செய்து காயத்தைக் கிளறிக்கொள்வார். முதலாமவருக்குப் பயம், இரண்டாமவருக்கு மறதி, மூன்றாமவருக்கு அவசரம். ஒருவருக்குக் கட்டுவது இன்னொருவருக்கு உதவாது. சில சமயம் கெடுதலும் செய்யும். "இன்னும் பத்து முறை செய்யுங்கள்" என்று ஊக்கப்படுத்தும் அறிவிப்பு முதுகுவலிக்காரருக்கு நல்லது, விளையாட்டு வீரருக்கு ஆபத்து. பிரிவு சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான்: இரண்டு பிரிவினருக்கும் ஒரே ஃபீச்சர் போதும் என்றால் அவர்கள் இரண்டு பிரிவினர் இல்லை.

மூவரில் யார்? "முதுகுவலி உள்ளவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், அதனால் அவர்கள்" என்று முடித்துவிடுவது அவசரம். எண்ணிக்கையோடு இன்னும் இரண்டையும் பார்க்க வேண்டும்: சிக்கல் தீராவிட்டால் என்ன இழப்பு, அதைத் தீர்க்க நம்மால் முடியுமா. அறுவை சிகிச்சை முடிந்தவர் முதல் சில வாரங்களில் முழங்காலை மடக்கி நீட்டாமல் விட்டால் மூட்டு இறுகிவிடலாம். பிறகு அதைச் சரிசெய்வது கடினம். அவருக்கு ஊக்கம் ஏற்கெனவே இருக்கிறது, குறைவது தெளிவு மட்டும்தான். தெளிவைத் தருவது ஒரு ப்ராடக்டால் முடிகிற காரியம். வலி இல்லாத ஒருவரை மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வைப்பது அதைவிடக் கடினம். அதனால் நான் அறுவை சிகிச்சை முடிந்தவரைத் தேர்ந்தெடுப்பேன். நீங்கள் முதுகுவலிக்காரரைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை, காரணம் இதே அளவுக்குத் தெளிவாக இருந்தால் சரி. மற்ற இருவரை ஏன் இப்போதைக்கு விடுகிறீர்கள் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கேட்பவர் அதைக் கேட்டே தீருவார்.

தீர்வைச் சிக்கலாகச் சொல்வது

"சரியான வீடியோக்கள் இல்லை", "நினைவூட்டல் இல்லை", "முன்னேற்றத்தைப் பார்க்க வழியில்லை." சிக்கல்களைச் சொல்லச் சொன்னால் வருகிற பட்டியல் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபீச்சர் ஒளிந்திருக்கிறது. "இல்லை" என்ற சொல்லை எடுத்துவிட்டால் அதுவே அடுத்த படியின் பதில். இப்படித் தொடங்கினால் யோசிக்க வேண்டிய இடத்தையே தாண்டிவிடுவீர்கள்.

அந்த மனிதர் பயிற்சி செய்யும் நேரத்துக்கே போய்ப் பாருங்கள். காலை, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். முழங்காலை மடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மடக்கும்போது ஓர் இழுப்பு, அதற்கு மேல் போனால் சுருக்கென்று வலி. தெரபிஸ்ட் முன்னால் இருந்தபோது "இது பரவாயில்லை, இன்னும் கொஞ்சம்" என்று சொன்னார். இப்போது சொல்ல ஆளில்லை. அடுத்த சந்திப்புக்கு நான்கு நாள் இருக்கிறது. போன் செய்து கேட்கும் அளவுக்குப் பெரிய விஷயமா என்ற தயக்கம் வேறு. இழுப்பு வந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறார். இரவில் முழங்கால் கொஞ்சம் வீங்கியிருந்தால், மறுநாள் பயிற்சியே கிடையாது.

இங்கே வீடியோ ஏற்கெனவே இருக்கலாம், நினைவூட்டலும் வந்திருக்கலாம். அவருக்கு வேண்டியது, "இந்த வலியோடு தொடரலாமா, நிறுத்த வேண்டுமா" என்ற ஒரே கேள்விக்கு அந்த நிமிடத்தில் நம்பத் தகுந்த பதில். சிக்கலை இவ்வளவு குறுக்கினால் தீர்வுக்கு இடமே இருக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் குறுக்கிய பிறகுதான் தீர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

ஒரே யோசனையை மூன்றாகச் சொல்வது

மூன்று தீர்வுகள் கேட்டால் வீடியோ நூலகம், முப்பரிமாண வீடியோ, நேரலை வீடியோ என்று வரும். அது ஒரு தீர்வின் மூன்று வடிவம். வேறு வேறு வழிகள் வேண்டும் என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் யார் என்று மாற்றிப் பாருங்கள். போனின் கேமரா மடக்கும் கோணத்தை அளந்து சரி, தவறு என்று சொல்வது ஒன்று. படம் எடுத்து அனுப்பினால் தெரபிஸ்ட் அன்றே பார்த்துப் பதில் சொல்வது இன்னொன்று. மூன்றாவது, தெரபிஸ்ட் முன்கூட்டியே எல்லை வகுத்துக் கொடுப்பது. பூஜ்யத்திலிருந்து பத்து வரையான வலி அளவில் எதுவரை போகலாம், மறுநாள் காலைக்குள் வலியும் வீக்கமும் அடங்காவிட்டால் எவ்வளவு குறைக்க வேண்டும், எது நடந்தால் உடனே அழைக்க வேண்டும் என்று சந்திப்பின்போதே பதிந்துவிடுவார். பயிற்சி முடிந்ததும் ஒரு கேள்வி, மறுநாள் காலையில் ஒரு கேள்வி. பதிலைப் பொறுத்து "அப்படியே தொடருங்கள்", "இன்று பாதி", "அழையுங்கள்" என்று ஆப் சொல்லும்.

தேர்ந்தெடுக்கும் படியில் பலர் ஒரு அட்டவணை போட்டு, தாக்கம் அதிகம், உழைப்பு நடுத்தரம் என்று நிரப்பிவிட்டு, கூட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பார்கள். அட்டவணையில் தவறில்லை. "அதிகம்" என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இல்லை என்பதுதான் குறை. கேமரா யோசனை கேட்கக் கவர்ச்சியாக இருப்பதால் அதற்குத் தானாகவே "அதிகம்" விழுந்துவிடும். நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் கேமராவுக்குக் கோணம் தெரியும், வலி தெரியாது. அவருடைய கேள்வியோ வலியைப் பற்றியது. அறுவை சிகிச்சை முடிந்த காலுக்கு அது ஒருமுறை தவறாகச் "சரி" சொன்னாலும் விலை பெரிது. தெரபிஸ்ட் தினமும் பார்த்துப் பதில் சொல்வது மிகவும் நம்பகமானது, ஆனால் நோயாளிகள் கூடக் கூட அவருடைய வேலையும் கூடிக்கொண்டே போகும். எல்லை வகுத்துக் கொடுப்பதில் அவர் வேலை சந்திப்போடு முடிகிறது, வீட்டில் கேள்விக்கு அந்த நிமிடமே பதிலும் கிடைக்கிறது. அதனால் மூன்றாவது. எழுதி வைக்காத ஒரு புது அறிகுறி வந்தால் இது உதவாது என்ற குறையையும் நீங்களே சொல்லுங்கள். "அழையுங்கள்" என்ற பதில் இருப்பதே அதற்காகத்தான்.

முதல் வடிவத்தை வெறுமனே சின்னதாக்குவது

முதல் வடிவம் என்றதும் ஃபீச்சர்களில் பாதியை வெட்டிவிடுவது வழக்கம். எந்த அனுமானம் பொய்த்தால் எல்லாமே விழுந்துவிடும் என்று முதலில் கேளுங்கள். இங்கே அது நோயாளி பற்றியது அல்ல. நெருக்கடியான நேரத்தில் தெரபிஸ்ட் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கி எல்லைகளைப் பதிவாரா என்பதுதான். அதைச் சோதிக்க ஆப்பே வேண்டாம். சில தெரபிஸ்டுகளிடம் ஒரு பக்கப் படிவம் கொடுங்கள், கேள்விகளைச் சாதாரணக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். படிவம் காலியாகத் திரும்பி வந்தால், நோயாளி பக்கத்துத் திரையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பயனில்லை.

மெட்ரிக்கிலும் இதே இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினசரி யூசர்கள், ஆப்பில் செலவிட்ட நேரம் என்பவை இங்கே பொருந்தா. இவர் ஆப்பில் குறைவான நேரம் இருப்பதே நல்லது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே, செய்யச் சொன்ன பயிற்சிகளில் எத்தனை பங்கு முழுதாகச் செய்யப்பட்டது என்பதைப் பாருங்கள். கூடவே, எல்லையைத் தாண்டியும் தொடர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். முதல் எண்ணோடு இதுவும் ஏறினால், பயத்தைப் போக்குகிறோம் என்று எச்சரிக்கையையும் சேர்த்துப் போக்கிவிட்டோம்.

இந்த இடத்தில் இன்டர்வியூ எடுப்பவர் ஒரு கட்டையைப் போடுவார். "தெரபிஸ்டுகள் ஒத்துழைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்." சிலர் உடனே கேமராவுக்குத் தாவுவார்கள், சிலர் ஒத்துழைப்பார்கள் என்று வாதாடுவார்கள். அவர் பார்க்க விரும்புவது, சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதை. யூசர் அதே ஆள், சிக்கலும் அதே. மாறியது பதில் யாரிடமிருந்து வரும் என்பது மட்டும். அப்படியானால் ஒவ்வொரு வகை அறுவை சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சை நிபுணர் ஏற்கெனவே வைத்திருக்கும் பொது நெறிமுறையிலிருந்து எல்லைகளை எடுக்கலாமா, அதில் தனிப்பட்ட துல்லியம் எவ்வளவு குறையும், அதற்கு ஈடாக எல்லையை எவ்வளவு கீழே வைக்க வேண்டும் என்று அந்தக் கண்ணியிலிருந்து மட்டும் மறுபடி யோசியுங்கள்.