கல்யாணப் பயணத்துக்கு லீவ் லெட்டர்: ‘சில நாட்கள்’ என்று எழுதாதீர்கள்

போன வாரம் கீழ் வீட்டுப் பெண் ஒரு கடிதத்தோடு மேலே வந்தாள். “அக்கா, கல்யாணத்துக்குப் போறதால பொண்ணுக்கு லீவ் கேட்டு பிரின்சிபாலுக்கு எழுதியிருக்கேன், சரியா இருக்கான்னு பாருங்களேன்.” இரண்டாவது வரியிலேயே எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடம் முன்னால் நான் எழுதிய அதே வரி.

தேதி போட மறப்பது, கையெழுத்து விடுபடுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை ஆபீஸிலேயே திருப்பிக் கொடுத்து எழுத வைத்துவிடுவார்கள். யாரும் திருப்பிக் கொடுக்காத தவறுகள்தான் ஆபத்து.

முகூர்த்தத் தேதியை மட்டும் எழுதுவது

நான் எழுதியது இதுதான்: “வரும் வெள்ளிக்கிழமை மதுரையில் நடைபெறும் உறவினர் திருமணத்தில் கலந்துகொள்ள இருப்பதால், என் மகனுக்குச் சில நாட்கள் விடுப்பு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சில நாட்களை’ வருகைப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது? கடிதத்தில் இருந்த ஒரே நாள் வெள்ளி. அதை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. முதல் நாள் சாயங்காலமே மண்டபத்தில் இருக்க வேண்டும் என்பதால் புதன் இரவே சென்னையில் ரயிலேறினோம். வியாழன் போச்சு. சனிக்கிழமை மறுவீடு. ஞாயிறு இரவு கிளம்பினால் திங்கள் விடியற்காலை வந்துவிடலாம், குளித்துவிட்டு பள்ளிக்கூடம் போகட்டும் என்பது என் கணக்கு. செங்கல்பட்டுக்கு முன்னால் ரயில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்து. ஆவணி மாதக் கல்யாணம், செப்டம்பர். அன்று காலாண்டுத் தேர்வு, கணக்கு.

மறுதேர்வு கேட்டுப் போய் நின்றேன். உடம்பு சரியில்லை என்றால் வைப்பார்களாம், கல்யாணத்துக்குக் கிடையாதாம். அதைவிட எரிச்சல், முதல்வர் அடுத்துச் சொன்னது: “திங்கட்கிழமை காலைலதான் ஊர்லேருந்து வர்றோம்னு எழுதியிருந்தா, அன்னைக்குப் பரீட்சைன்னு நாங்களே போன் பண்ணியிருப்போம்மா.” ரேங்க் கார்டில் கணக்குக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. இன்றைக்கும் பீரோவைத் திறந்தால் அது கண்ணில் படும்.

கீழ் வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து விரல்விட்டு எண்ண வைத்தேன். திருநெல்வேலியில் அவள் தம்பிக்கு 11ஆம் தேதி வியாழன் முகூர்த்தம். செவ்வாய் பள்ளி விட்டு வந்து இரவு ரயில். புதன் மாலை மாப்பிள்ளை அழைப்பு. வெள்ளி மறுவீடு, அன்று இரவே திரும்பும் ரயில், சனி காலை சென்னை. ஆக, போகும் பள்ளி நாட்கள் மூன்று. கடிதம் இப்படி மாறியது:

“என் தம்பியின் திருமணம் 11ஆம் தேதி வியாழக்கிழமை திருநெல்வேலியில் நடைபெறுகிறது. 9ஆம் தேதி இரவு புறப்பட்டு 13ஆம் தேதி காலை திரும்புகிறோம். எனவே 6ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகளுக்கு 10 முதல் 12 வரை மூன்று நாட்கள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 15ஆம் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கு வருவாள்.”

கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும் நாள் எழுத்தில் இருந்தால்தான் அன்றைக்கு என்ன இருக்கிறது என்று வகுப்பாசிரியர் பார்ப்பார். நமக்கும் நல்லது, எழுதும்போதே ஞாயிறு இரவு ரயில் சரிப்படாது என்று உறைக்கும்.

டிக்கெட் எடுத்துவிட்டுக் கடிதம் எழுதுவது

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. அதற்குள் கல்யாணத் தேதி தெரிந்திருக்கும், பள்ளி டைரியில் தேர்வு அட்டவணையும் பெரும்பாலும் இருக்கும். முதலில் டைரி, அப்புறம் டிக்கெட். ‘டிக்கெட் எடுத்துவிட்டபடியால்’ என்று தொடங்கும் கடிதம் அனுமதி கேட்பதில்லை, தகவல் சொல்கிறது. முதல்வர்களுக்கு அது புரியும். திரும்பும் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால், அது உறுதியாகும் என்று நம்பித் தேதி எழுதாதீர்கள்.

காய்ச்சல் என்று எழுதுவது

திங்கட்கிழமை குழந்தை மருதாணிக் கையோடு போய் நிற்கும்.

வகுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப் போட்டதோடு விடுவது

அவர் ‘ஓகே’ என்று அனுப்பினால் அது அவர் ஓகே. கடிதம் முதல்வர் பெயருக்கு, வகுப்பாசிரியர் வழியாகப் போக வேண்டும். கூடவே பத்திரிகையின் நகல் ஒன்று போதும். குங்குமம் வைத்து தாம்பூலத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு.

பத்து, பன்னிரண்டாம் வகுப்பு

சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அனுமதி வாங்கிய கல்யாண லீவும் லீவுதான், வருகையில் சேராது. தை மாதக் கல்யாணமென்றால் செய்முறைத் தேர்வுத் தேதியைக் கேட்காமல் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.