கல்யாணப் பதிவு: இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்டியல்

துபாய், ஷார்ஜா பக்கம் புதிதாக வேலைக்கு வந்து, முதல் லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, மனைவிக்கு விசா எடுக்கலாம் என்று இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பதிவை மட்டும் "முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளி வைப்பார்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் (2009) கல்யாணத்திலிருந்து 90 நாள் தருகிறது. அதன் பிறகும் கூடுதல் கட்டணத்தோடு 60 நாள் உண்டு. ஆனால் உங்கள் லீவு அதில் பாதிகூட இருக்காது. சார்பதிவாளர் முன்னால் நீங்கள் இருவரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், ஊரில் இறங்கும்போது தாள்கள் ஒரே கட்டாகத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு வீடும் தனித்தனியாகச் சேர்த்தால் குழப்பம்தான். மாப்பிள்ளை வீட்டில் ஆதார் நகல் நாலு இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்காது. பெண் வீட்டிலோ எல்லாம் இருக்கும், பெயர் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் ஒரே நோட்டில் ஒரே பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்கட்டும்: என்ன ஆவணம், ஒரிஜினல் யார் கையில் இருக்கிறது, அதில் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறது. ஒரிஜினலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டிக். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்ததற்கெல்லாம் டிக் போடாதீர்கள்.

பட்டியல் இவ்வளவுதான்:

☐ இருவருக்கும் வயதுச் சான்று: பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி. அல்லது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் (மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும்)
☐ இருவருக்கும் அடையாள, முகவரிச் சான்று: ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு
☐ கல்யாணப் பத்திரிகை. கோயிலில் நடந்தால் கோயில் ரசீது
☐ தாலி கட்டும்போது எடுத்த போட்டோ, இருவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்
☐ நடத்தி வைத்தவரின் பெயர், முகவரி, கையெழுத்து
☐ சாட்சிகள், அவர்களின் ஆதார்
☐ யாருக்காவது இது மறுமணம் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு நகல் அல்லது முதல் துணையின் இறப்புச் சான்று

கோயிலில் கல்யாணம் என்றால், முன்பதிவு செய்யும்போதே பல கோயில்களில் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய முதல் திருமணச் சான்று கேட்பார்கள். அதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எது கிடைக்காமல் போனாலும் ஒரு வாரத்தில் வேறு வழி தேடிவிடலாம். ஆளைச் சுற்ற விடுவது பெயர்தான். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்துவிடுகிறது. பென்னாகரம் பக்கத்துப் பையன், பெயர் கார்த்திகேயன், அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில் KARTHIKEYAN M, ஆதாரில் M Karthikeyan, பாஸ்போர்ட்டில் KARTHIKEYAN MURUGESAN. காவேரிப்பட்டணத்துப் பெண் சங்கீதாவுக்குப் பிறப்புச் சான்றில் SANGEETA, ஆதாரில் Sangeetha. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் விசா விண்ணப்பத்தில் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் விதி ஒன்றே ஒன்று: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்தில் வர வேண்டும். பெண்ணுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று. நிச்சயம் முடிந்ததுமே ஆதாரைச் சரிசெய்து, அதே பெயரில் பாஸ்போர்ட் எடுத்து, அதன் பிறகு பதிவுக்குப் போங்கள். கல்யாணம் ஆகிவிட்டதே என்று புருஷன் பெயரை இனிஷியலாகப் போடச் சொல்லும் அத்தைமார்கள் இருப்பார்கள். போடாதீர்கள். பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கென்று இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன்னால் காவேரிப்பட்டணத்தில் பிறந்தவருக்குச் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். தருமபுரியே 1965 வரை சேலத்தோடு இருந்தது என்பதால் பெற்றோரின் பழைய தாள்களில் சேலம் மாவட்டம் என்று வரலாம். "சம்பந்தி, இதுல மாவட்டம் தப்பா இருக்குங்களே, மாத்திடலாங்களா?" என்று போன் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பிழை இல்லை, சான்றிதழ் கொடுத்த நாளில் அதுதான் மாவட்டம்.

இன்னொன்று ஆதார் முகவரி. இங்கே வருவதற்கு முன் பெங்களூரில் வேலை பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். சிம் கார்டு, பேங்க் கணக்கு என்று ஏதோ ஒன்றுக்காக ஆதாரை மாரத்தஹள்ளி பி.ஜி. முகவரிக்கு மாற்றியிருப்பார்கள். அட்டையில் பெயரும் கன்னடத்தில் அச்சாகியிருக்கும். பதிவு நடப்பது கல்யாணம் நடந்த ஊருக்கோ, மாப்பிள்ளை அல்லது பெண் குடியிருக்கும் ஊருக்கோ உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில். பெங்களூர் முகவரியைக் காட்டிக்கொண்டு பென்னாகரத்தில் குடியிருக்கிறேன் என்றால் எடுபடாது. ஒன்று, ஊர் முகவரி உள்ள பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். இல்லை, பெண் வீட்டு முகவரியை வைத்தோ மண்டபம் இருக்கும் ஊரை வைத்தோ அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். எது என்று முதலிலேயே முடிவு செய்து பட்டியலின் தலையில் எழுதிவிட்டால் இரண்டு வீடும் ஒரே பக்கம் ஓடும். பெண்ணின் ஆதார் முகவரியைப் புகுந்த வீட்டுக்கு மாற்றும் வேலை பதிவு முடியும் வரை காத்திருக்கட்டும்.

விண்ணப்பத்தை tnreginet.gov.in தளத்தில் நிரப்பலாம். ஓ.டி.பி. வருகிற இந்திய சிம் உயிரோடு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன எண்ணோடு விமான நிலையத்தில் இறங்குபவர்கள் அதிகம். கையெழுத்துப் போடும் நாளில், அச்சுக்குப் போகும் முன் திரையையோ வரைவுத் தாளையோ காட்டச் சொல்லி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அப்பா பெயர், கல்யாணத் தேதி, நடந்த இடம் எல்லாம் பத்திரிகையோடு ஒத்துப்போக வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு ஒரு எழுத்தைத் திருத்துவதென்றால் தனியாக மனு, தனியாக அலைச்சல், அப்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்.

இருவரும் வெவ்வேறு மதம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்கும் முன்னால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் துணையை வைத்துத்தான் தொடங்க முடியும். அங்கே சாட்சிகளும் மூன்று பேர்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் யாராவது லேமினேஷன் போட்டுவிடப் போகிறார்கள், முதலில் அதைத் தடுங்கள். அதன் மேல் இன்னும் முத்திரைகள் விழ வேண்டும். ஒரு நாட்டுத் தாளை அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரையோடு இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் ஐக்கிய அரபு அமீரகம் இல்லாததால், மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன் வாங்கி, இங்கே வந்ததும் அமீரக வெளியுறவு அமைச்சக முத்திரையும் அரபு மொழிபெயர்ப்பும் முடிக்க வேண்டும். 2021இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த சிங்கப்பூருக்கோ, 2024இல் அது நடைமுறைக்கு வந்த கனடாவுக்கோ போகும் தாளுக்குத் தூதரக முத்திரை வேண்டியதில்லை, அப்போஸ்டில் போதும். ஒரிஜினல் அட்டெஸ்டேஷனுக்குப் போய்விட்டால் வர நாளாகும் என்பதால், கூடவே சான்றிட்ட நகல் ஒன்றுக்கும் மனு போட்டு, அதைப் பெண் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.