குழுவின் வெற்றியில் உங்கள் பங்கைச் சொல்லும் முறை

நேர்காணலில் பலனை ‘நாங்கள்’ என்றும், நீங்களே செய்த வேலையை ‘நான்’ என்றும் சொல்லுங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவர் ‘தரத்தை நான்தான் உயர்த்தினேன்’ என்றால் கேட்பவருக்குக் காது கூசும். ‘கழிவுக் கொட்டை குறைந்தது எங்கள் எல்லோருடைய உழைப்பு. பழங்களைத் தோலுரிக்கும் இயந்திரத்தில் கொட்டுவதற்கு முன் பச்சைக் காய்களைப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாட்டை நான் கொண்டுவந்தேன், பறிக்கும் பெண்கள் அதைச் செய்து முடித்தார்கள்’ என்றால் நம்பிக்கை பிறக்கும்.

காரணம், செய்த வேலையை ‘எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டுச் சோதிக்கலாம். ‘முக்கியப் பங்காற்றினேன்’ என்பதைச் சோதிக்க வழியில்லை, ஆகவே அது தற்பெருமையாக ஒலிக்கிறது.

நடந்த தவறைப் பற்றிக் கேட்டால் இந்த முறை பொருந்தாது. அங்கே ‘நாங்கள்’ என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே படும்.