‘ஒரே நாளில் ஒன்பது கோயில்’ என்று விளம்பரம் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றும். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். நாதஸ்வரம், ட்ரோனில் எடுத்த கோபுரம், கணீரென்று ஒரு குரல்: “குடும்பத்தோடு நவக்கிரக யாத்திரை! ஏசி வேன், தரமான தங்குமிடம், ஒரே நாளில் ஒன்பது தலங்கள், தலைக்கு 3,999 ரூபாய் முதல்!” லண்டனில் உட்கார்ந்து பவுண்டில் கணக்குப் போட்டேன். முன்பணம் அனுப்பினேன். அதன் பலனை எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘முதல்’. பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர் நிறைந்தால்தான் 3,999. வண்டி வாடகை, டீசல், டிரைவர் சம்பளம் எல்லாம் ஏழு பேர் ஏறினாலும் பன்னிரண்டு பேர் ஏறினாலும் ஒன்றுதான். நாங்கள் ஏழு பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, அக்கா, அத்தை. எங்களுக்குத் தலைக்கு 5,400 என்றார்கள். ஆக 37,800. அதோடு முடிந்ததா? டிரைவர் பேட்டா தனி. திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது, காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் எல்லையில் பெர்மிட் போட வேண்டும். அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டிக்கு அந்தச் செலவு இல்லை. ஆகவே முன்பணம் கட்டுமுன் எந்த பெர்மிட் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. சாப்பாடு, அர்ச்சனை, பால், விளக்கு எல்லாம் நம் கைக்காசு. “இவ்வளவு தூரம் வந்துட்டு குலதெய்வத்தைப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்” என்று அத்தை சொன்ன ஒரு வாக்கியத்துக்கு 80 கிலோமீட்டர் கூடுதல் ஓட்டம், 1,600 ரூபாய். மறுப்பது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வருஷம் ஒருமுறைகூட வராதவன் என்ன சொல்லி மறுப்பது?

எல்லாம் முடிந்து வீடு சேர்ந்தபோது 59,300 ஆகியிருந்தது. ஏழால் வகுத்தால் தலைக்கு 8,471. இதில் 9,000 ரூபாய் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் பெரிய கதை.

இப்போது அந்த ‘ஒரே நாள்’. முடியாது என்று சொல்ல மாட்டேன். 2024-இல் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து 750 ரூபாய்க்கு ஒரே நாள் நவக்கிரகப் பேருந்து விட்டது. கும்பகோணத்தில் தொடங்கி ஒன்பதையும் சுற்றி வந்தால் 250 கிலோமீட்டருக்கு மேல். வண்டி ஓடிவிடும். ஆனால் சாமி மத்தியானம் தூங்கப் போய்விடும். பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் திரும்ப நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். பன்னிரண்டு மணிக்குள் ஐந்து கோயில் முடியாவிட்டால் அன்றைய திட்டம் படுத்துவிடும்.

எங்களுக்குப் படுத்துவிட்டது. சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குத் திருச்சியில் கிளம்பி, திங்களூரில் சந்திரன், ஆலங்குடியில் குரு வரை சரியாகத்தான் போனது. திருநாகேஸ்வரத்துக்குள் நுழைந்தபோது மணி 10:50. அங்கே ராகு காலத்தில்தான் ராகுவுக்குப் பாலாபிஷேகம் விசேஷம். பால் உடம்பில் நீலமாக இறங்குவதைப் பார்க்கத்தான் அம்மா அத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. இருபது நிமிஷம் தவறிவிட்டோம். விளம்பரத்துக்குத் திட்டம் போட்டவருக்குப் பஞ்சாங்கம் தெரியாது, அல்லது தெரிந்தும் கவலை இல்லை.

சூரியனார் கோயில், கஞ்சனூர் முடித்து வைத்தீஸ்வரன் கோயில் வாசலில் நின்றபோது 12:40. கதவு சாத்தியிருந்தது. நான்கு மணிவரை ஒரு புளியமரத்தடியில் வண்டி. நிறுத்திய வண்டியில் ஏசி ஓட்டினால் டீசல் யார் கணக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் அணைத்துவிட்டார்கள். எழுபத்தாறு வயது அம்மா சீட்டைச் சாய்த்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் இல்ல, கொழந்தைங்களைப் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விளம்பரத்தில் வருகிற ‘சொகுசு’ என்பது புஷ்பேக் சீட்டு அல்ல. நடை சாத்தியிருக்கும் அந்த மூன்றரை மணி நேரம் வயதானவர்கள் எங்கே காலை நீட்டுவார்கள், கழிப்பறை எங்கே என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத பேக்கேஜை வாங்காதீர்கள்.

பிறகு திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். திருநள்ளாற்றுக்குப் போனபோது இரவு எட்டே கால். சனிக்கிழமை, சனீஸ்வரன் கோயில், கூட்டத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, வரிசையில் என் பிள்ளை நின்றான்.

கும்பகோணத்தில் அந்த லாட்ஜுக்கு வந்தபோது மணி 10:45. விளம்பரத்தில் ‘தரமான தங்குமிடம்’ என்று சொல்லப்பட்டது அதுதான். மூன்று அறை. ரிசப்ஷனில் இருந்த பையன் ஆதார் கேட்டான். அம்மா, அக்கா, அத்தை மூவரும் கொடுத்தார்கள். நாங்கள் நால்வர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டினோம். புரட்டிப் பார்த்தான், மூடி மேஜைமேல் வைத்தான்.

“ஃபாரினரா சார்?”

“இல்லப்பா, கும்பகோணம்தான்.”

“பாஸ்போர்ட் ஃபாரின் சார். எங்ககிட்ட சி ஃபார்ம் கிடையாது. இவங்க மூணு பேரும் தங்கலாம். நீங்க நாலு பேரும்தான்…”

அவனைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் விடுதி அவர்கள் விவரத்தை சி ஃபார்ம் என்று சொல்கிற படிவத்தில் அரசுக்கு ஆன்லைனில் பதிந்தாக வேண்டும். அதற்கு விடுதி முன்கூட்டியே பதிவு செய்து கணக்கு வைத்திருக்க வேண்டும். சின்ன லாட்ஜுகள் பலவற்றில் அது இருக்காது, பதியாமல் தங்க வைத்தால் மாட்டுவது அவர்கள். விசா செல்லும், பாஸ்போர்ட் செல்லும், பணமும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் அறை கிடையாது. பேக்கேஜ்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் தூக்கக் கலக்கத்தில் அதையே சொன்னார். நான் பிறந்த ஆஸ்பத்திரி எந்தத் தெரு, படித்த பள்ளிக்கூடம் எது என்று அந்தப் பையனிடம் ஒப்பித்தேன். ஏன் ஒப்பித்தேன் என்று தெரியவில்லை. அவன் “தெரியும் சார், நானும் அங்கதான் படிச்சேன்” என்றான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

எங்கள் வீடு அந்த லாட்ஜிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. லண்டனில் வீடு வாங்க முன்பணத்துக்காக விற்றோம். அம்மாதான் கையெழுத்துப் போட்டாள். அன்று ராத்திரி அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மடியில் விபூதிப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தவள் எழுந்து, “வாங்கடா, எல்லாரும் ஒண்ணாவே போவோம்” என்றாள். இரவு 12:20-க்கு வேறொரு ஓட்டலில் அறைக்கு 3,000 வீதம் மூன்று அறை கிடைத்தது. அந்த 9,000 இதுதான். லாட்ஜ் பணம் திரும்பி வரவே இல்லை.

ஆகவே யாரிடம் பதிவு செய்தாலும், தங்குமிடத்தின் பெயரையும் போன் எண்ணையும் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்கு நீங்களே பேசி, “வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இத்தனை பேர், சி ஃபார்ம் போடுவீர்களா” என்று கேளுங்கள். ‘அல்லது அதற்கு இணையான விடுதி’ என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த இணையான விடுதியும் சி ஃபார்ம் போடுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அந்த ராத்திரி எங்களோடு அலைந்த டிரைவர் இப்போது கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வேன் எடுத்திருக்கிறார். போன மாதம் கூப்பிட்டு, “சார், வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு விளம்பரம் எழுதிக் குடுங்க, ஒரு நிமிஷம் பேசுற மாதிரி” என்றார். எழுதி அனுப்பியது இது:

“திருச்சி விமான நிலையத்திலிருந்து புதன்கிழமை மாலை கிளம்பி, இரண்டு இரவு கும்பகோணத்தில் தங்கி, ஒன்பது நவக்கிரகத் தலங்கள். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். மத்தியானம் காரைக்காலில் சாப்பாடு, படுத்து எழ ஒரு அறை. நான்கு மணிக்கு, சனிக்கிழமைக் கூட்டம் இல்லாத திருநள்ளாறு. வெள்ளிக்கிழமை காலை திங்களூர், குருவாரக் கூட்டம் கழிந்த ஆலங்குடி, பத்தரை மணி ராகு காலத்துக்குத் திருநாகேஸ்வரம். மத்தியானம் உங்கள் அறையிலேயே ஓய்வு. நான்கு மணிக்குச் சூரியனார் கோயில், கஞ்சனூர். இரவு திருச்சியில் இறக்கிவிடுவோம். ஏறப் படிக்கட்டு ஸ்டூல் உண்டு. வண்டி நிற்கும்போதும் ஏசி ஓடும். ஏழு பேருக்கு மொத்தம் 54,000 ரூபாய், தலைக்கு 7,714. வண்டி, டீசல், பேட்டா, பெர்மிட், பார்க்கிங், அறைகள், காலைச் சாப்பாடு இதில் அடக்கம். மத்தியானம், இரவுச் சாப்பாடும் கோயில் சீட்டுகளும் உங்கள் செலவு. குலதெய்வம் கோயிலுக்குத் திரும்பினால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு சி ஃபார்ம் போடும் விடுதி மட்டுமே.”

படித்துவிட்டுச் சிரித்தார். “இவ்வளவு வெளிப்படையாச் சொன்னா யாரு சார் வருவாங்க? அந்த ஏழாயிரத்தி எழுநூத்திப் பதினாலு கேக்கவே நல்லா இல்ல.” ‘முதல்’ போட்டுக்கொள்ளலாமா என்றார், வேண்டாம் என்றேன். கடைசியில் தலைக்கணக்கை எடுத்துவிட்டு மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டார். குலதெய்வத்து இருபது ரூபாயையும் எடுத்துவிட்டார், அத்தைமார் கோபித்துக்கொள்வார்களாம். சி ஃபார்ம் வரியில் மட்டும் கைவைக்கவில்லை. அன்று பன்னிரண்டு இருபது வரை அவரும் தூங்கவில்லை.